நாலு மணிக்கு மேல் அள்ளும் சத்தம்: லாக் வால்யூம் கன்ட்ரோலும் ஒரு 47 கே ரெசிஸ்டரும்

டி.டி.ஏ. 2030 ஐசி போட்ட சின்ன ஆம்ப்ளிஃபையர் போர்டு ஒன்று. அதற்கு முன்னால் 100 கே லாக் வால்யூம் கன்ட்ரோல். நாப்பைப் பாதி வரை திருப்பினாலும் பாட்டு எங்கோ பக்கத்து வீட்டில் ஓடுவது போலத்தான் கேட்கிறது. முக்கால்வாசி போனபிறகுதான் கொஞ்சம் உயிர் வருகிறது. கடைசித் திருப்பில் சத்தம் அள்ளிக்கொண்டு போகிறது. 'பாட் டூப்ளிகேட்' என்று அந்த வால்யூம் கன்ட்ரோலின் மேல் பழி போட்டு வேறொன்று வாங்கி மாட்டுவார்கள், அதுவும் அப்படியேதான் இருக்கும். பெரும்பாலும் பாட் மேல் தப்பில்லை. அதை அடுத்து இருக்கும் போர்டு பாட்டின் வளைவை இழுத்துக் கெடுக்கிறது.

சொல்ல வசதியாக நாப்பின் இடத்தைக் கடிகார முள் போல வைத்துக்கொள்வோம். சாதாரண பாட் கிட்டத்தட்ட 300 டிகிரி சுற்றும். முழுக்க அடைத்தால் முள் 7 மணியில், முழுக்கத் திறந்தால் 5 மணியில். நடுவே பத்து மணி நேரம் இருப்பதால் ஒரு மணிக்குப் பத்து சதவீதச் சுற்று என்று கணக்கு. நடுப்பாதி 12 மணி. 100 கே என்றால் 100 கிலோ ஓம், இது தெரிந்ததே.

காதுக்கு ஏற்ற பாட் லாக். லீனியர் பாட்டில் 12 மணியிலேயே சிக்னலில் பாதி வந்துவிடும். பாதி என்றால் வெறும் 6 டெசிபல் குறைவு, காது அதைப் பெரிய வித்தியாசமாக எடுத்துக்கொள்ளாது. அதனால் லீனியரில் 9 மணிக்குள் எல்லாச் சத்தமும் வந்து முடிந்துவிட்டது போலத் தோன்றும், மீதிச் சுற்றில் ஒன்றும் நடக்காது. லாக் பாட்டில் 12 மணியில் சுமார் 15 சதவீதம்தான் வரும், அதாவது 16.5 டெசிபல் குறைவு. 10 சதவீதம் தரும் வகையும் உண்டு. கடையில் கிடைக்கும் லாக் பாட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே உண்மையான மடக்கை வளைவு எதுவும் இருக்காது. இரண்டு வேறு கார்பன் கலவைகளை இரண்டு துண்டாகப் பூசி ஒட்டியிருப்பார்கள். முதல் பாதிச் சுற்றில் மெதுவாக ஏறும் ஒரு கோடு, இரண்டாம் பாதியில் செங்குத்தாக ஏறும் இன்னொரு கோடு, அவ்வளவுதான். கீழே வரும் லாக் பாட் கணக்குகள் எல்லாம் இந்த இரட்டைக் கோட்டை வைத்துப் போட்டவை.

போர்டு என்ன செய்கிறது

டி.டி.ஏ. 2030-இன் பரவலான இரட்டை சப்ளை சர்க்யூட்டில், இன்புட் கெப்பாசிட்டரைத் தாண்டியதும் ஐசியின் பிளஸ் இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 22 கே ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். ஐசி தனக்காக இழுப்பது அற்பம். ஆகையால் போர்டின் இன்புட் இம்பிடன்ஸ் ஏறக்குறைய 22 கே. ஒற்றை சப்ளை சர்க்யூட்டில் அந்த இடத்தில் 100 கே வருவது வழக்கம், அப்போது கீழே வரும் எண்கள் மாறும். கணக்குப் போடுவதற்கு முன் போர்டைத் திருப்பி எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டின் உள்ளே கார்பன் ட்ராக் மேல் நகரும் தொடுமுனைதான் வைப்பர். அது ட்ராக்கின் சரிபாதியில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். மேலே 50 கே, கீழே 50 கே. போர்டு இல்லாவிட்டால் பாதி சிக்னல் வரும். போர்டை இணைத்ததும் கீழே உள்ள 50 கே-யுடன் 22 கே இணையாக வந்து உட்காருகிறது. இரண்டும் சேர்ந்து 15.3 கே ஆகிவிடுகிறது. மேலே இன்னும் 50 கே அப்படியே இருக்கிறது. ஆக 65.3-இல் 15.3 பங்கு, அதாவது 23 சதவீதம். 6 டெசிபல் குறைய வேண்டிய இடத்தில் 12.6 டெசிபல் குறைந்துவிட்டது.

அடிமட்டத்தில் இந்த இழுப்பு பெரிதாகத் தெரியாது. அங்கே வைப்பருக்குக் கீழே இருக்கும் ரெசிஸ்டன்ஸே சில கிலோ ஓம்தான், 22 கே இணையாக வந்தாலும் அது அதிகம் மாறாது. முழுக்கத் திறந்த நிலையிலும் தெரியாது, ஏனென்றால் வைப்பர் நேராக சோர்ஸில் நிற்கிறது. நடுப்பகுதி மட்டும் தொங்கிப் போகிறது. நடு தொங்கினால் அந்தக் குறையை எங்காவது ஈடுகட்டியாக வேண்டும். அது கடைசி ஒன்றிரண்டு மணியில் போய்க் குவிகிறது.

எந்த பாட்டுக்கும் பொருந்தும் கணக்கு இது:

```
k = பாட் மதிப்பு / மொத்த லோட்
அவுட் / இன் = x / (1 + k * x * (1 - x))
dB = 20 * log10(அவுட் / இன்)
```

இதில் x என்பது வைப்பருக்குக் கீழே இருக்கும் ட்ராக்கின் பங்கு. லீனியரில் 12 மணிக்கு x = 0.5, லாக்கில் 12 மணிக்கு x = 0.15. நம் போர்டில் 100-ஐ 22-ஆல் வகுத்தால் k = 4.55. அடுத்த ஸ்டேஜின் இம்பிடன்ஸ் பாட்டைப்போல் பத்து மடங்கு இருந்தால் k = 0.1. அப்போது ட்ராக்கின் நடுவில்கூட 0.2 டெசிபல்தான் இழக்கிறோம், மறந்துவிடலாம். இரண்டும் சமமாக இருந்தால் ட்ராக்கின் நடுவில் 2 டெசிபல் போகும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். 4.55 பொறுக்க முடியாத இடம்.

| நாப் | லாக் 100 கே, லோட் இல்லை | லாக் 100 கே, 22 கே லோட் | லாக் 10 கே, 22 கே லோட் | லீனியர் 100 கே, 22 கே லோட், கூட 47 கே |
|---|---|---|---|---|
| 10 மணி | −20.9 | −23.7 | −21.2 | −18.1 |
| 12 மணி | −16.5 | −20.5 | −17.0 | −14.5 |
| 2 மணி | −6.2 | −12.8 | −7.1 | −10.7 |
| 4 மணி | −1.6 | −5.9 | −2.2 | −5.0 |
| 5 மணி | 0 | 0 | 0 | 0 |

எண்கள் டெசிபலில். 22 கே லோட் உள்ள லாக் 100 கே நெடுவரிசையைப் பாருங்கள்: 4 மணியிலிருந்து 5 மணிக்குப் போகும்போது மட்டும் 5.9 டெசிபல் ஏறுகிறது. லோட் இல்லாத பாட்டில் அதே இடத்தில் 1.6 மட்டுமே. வாடிக்கையாளர் சொல்லும் 'கடைசியில் அள்ளுது' என்பது இதுதான்.

முதலில் பாட்டையும் போர்டையும் அளந்து பார்ப்பது

பாட் மேல் அச்சடித்திருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். இன்று சந்தையில் அதிகம் வரும் ஆசியத் தயாரிப்புகளில் ஏ என்றால் லாக், பி என்றால் லீனியர். 'ஏ100கே' லாக், 'பி100கே' லீனியர். ஆனால் பழைய ஐரோப்பிய பாட்களில் இந்த எழுத்து தலைகீழாக இருப்பதும் உண்டு. பழைய ஸ்டாக் பெட்டியிலிருந்து எடுத்தால் அளந்து பார்ப்பதே நல்லது. எதிலும் இணைக்காமல் பாட்டைத் தனியாக வைத்து நாப்பை 12 மணியில் நிறுத்துங்கள். ஷாஃப்ட் உங்களைப் பார்க்க, லக்குகள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடது லக் அடைக்கும் பக்கம், நடு லக் வைப்பர், வலது லக் திறக்கும் பக்கம். இடதுக்கும் நடுவுக்கும் இடையில் மீட்டர் 50 கே-க்குப் பக்கத்தில் காட்டினால் லீனியர். 10 முதல் 15 கே வரை காட்டினால் லாக். 85 கே காட்டினால் அது ரிவர்ஸ் லாக், வால்யூமுக்கு உதவாது.

போர்டின் இன்புட் இம்பிடன்ஸை ஓம் ரேஞ்சில் அளக்க முடியாது. இன்புட் கெப்பாசிட்டர் டிசியை மறித்துவிடும், மீட்டர் ஓப்பன் என்றே காட்டும். அதற்கு வேறு வழி இருக்கிறது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அவுட்புட்டில் 8 ஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டரை டம்மி லோடாக மாட்டுங்கள். போனில் ஒரு டோன் ஜெனரேட்டரைத் திறந்து 400 ஹெர்ட்ஸ் சைன் டோனை நேராக போர்டு இன்புட்டுக்குக் கொடுத்து, டம்மி லோடின் மேல் ஏசி வோல்டேஜ் 2 வோல்ட் வரும்படி போனின் சத்தத்தை வையுங்கள். இப்போது போனுக்கும் போர்டுக்கும் நடுவே ஒரு 10 கே ரெசிஸ்டரை சீரிஸில் போட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

```
இன்புட் இம்பிடன்ஸ் = 10k * V2 / (V1 - V2)
```

V1 = 2.00, V2 = 1.375 என்று வந்தால் 10 பெருக்கல் 1.375 வகுத்தல் 0.625, ஆக 22 கே. மீட்டரை இன்புட் பக்கம் வைக்காமல் அவுட்புட்டில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இன்புட்டில் சிக்னல் சில பத்து மில்லிவோல்ட்தான், மலிவு மீட்டர்களின் ஏசி ரேஞ்ச் அவ்வளவு கீழே சரியாகப் படிக்காது. 400 ஹெர்ட்ஸுக்கு மேல் போனாலும் அந்த மீட்டர்கள் குறைத்துக் காட்டத் தொடங்கும். அதனால்தான் 1 கிலோ ஹெர்ட்ஸ் வேண்டாம் என்பது.

வழி ஒன்று: சின்ன பாட்

கையில் 10 கே லாக் பாட் இருந்தால் வேறு யோசனையே தேவையில்லை. அட்டவணையில் லாக் 10 கே நெடுவரிசையைப் பாருங்கள், லோட் இல்லாத லாக்குக்கு வெகு அருகில் ஓடுகிறது. போன், கம்ப்யூட்டர், ப்ளூடூத் போர்டு எல்லாம் 10 கே-யைச் சிரமமில்லாமல் ஓட்டும். முழுக்கத் திறக்கும்போது 10 கே-யும் 22 கே-யும் இணையாகச் சேர்ந்து சோர்ஸுக்கு 6.9 கே தெரியும், அவ்வளவே.

சிக்கல் என்னவென்றால் ஸ்டீரியோவுக்குப் போடும் டபுள் லாக் பாட்டின் இரண்டு பக்கமும் ஒத்துப்போவது கஷ்டம். ஒவ்வொரு ட்ராக்கிலும் இரண்டு கலவைகளைப் பூசி, சேரும் இடமும் இரண்டிலும் ஒன்றாக அமைய வேண்டும். மலிவு பாட்டில் அது அமையாது. சத்தத்தைக் குறைத்து வைத்தால் பாட்டு இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ சாய்ந்து போகும், ஏற்றினால் நடுவுக்கு வந்துவிடும். அந்தத் தொல்லை இருக்கும் இடத்தில் இரண்டாவது வழிதான் நல்லது.

வழி இரண்டு: லீனியர் பாட்டை லாக் ஆக்குவது

லாக்கைக் கெடுத்த அதே இழுப்பை லீனியருக்கு மருந்தாக வைக்கலாம். லீனியர் பாட் நடுவில் அதிகமாகக் கொடுக்கிறது, லோட் நடுவைத் தொங்க வைக்கிறது. இரண்டையும் சேர்த்தால் லாக்குக்குப் பக்கத்தில் வருகிறது. வைப்பரிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டால் போதும்.

எவ்வளவு போடுவது? மொத்த லோட் பாட்டின் ஆறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரை இருக்கலாம். 100 கே பாட்டுக்கு 15 கே நல்ல இடம். அங்கே k = 6.67, 12 மணியில் 14.5 டெசிபல் குறைவு. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். 15 கே என்று படித்ததும் 15 கே ரெசிஸ்டரையே எடுத்து மாட்டுவார்கள். போர்டில் ஏற்கெனவே 22 கே இருக்கிறதே! இரண்டும் சேர்ந்து 8.9 கே ஆகிவிடும், வளைவு தேவைக்கு மேல் தொங்கிவிடும். லோட் என்றால் போர்டும் ரெசிஸ்டரும் சேர்ந்த மொத்தம். 22 கே-யுடன் இணையாக எதைப் போட்டால் 15 கே வரும் என்று பார்த்தால் 47 கே. கச்சிதமாக 14.99 கே வருகிறது. நாம் சேர்க்க வேண்டியது 47 கே மட்டுமே, வேலையில் பெரும்பங்கை போர்டே செய்துகொண்டிருக்கிறது.

47 கே, கால் வாட், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரை பாட்டின் நடு லக்குக்கும் இடது லக்குக்கும் இடையில் நேராகச் சால்டர் செய்யுங்கள். ஸ்டீரியோவுக்கு இரண்டு. இடது லக்தான் கிரவுண்ட், போர்டுக்குப் போகும் ஷீல்டு வயரின் பின்னலும் அங்கேயே முடியட்டும். ரெசிஸ்டரின் கிரவுண்ட் காலைப் பக்கத்தில் இருக்கிறதே என்று பாட்டின் உலோக உடம்பில் ஒட்டிவிடாதீர்கள், ஹம் உள்ளே வர வழி திறக்கும். 25 வாட் அயர்னால் ஒரு லக்குக்கு மூன்று விநாடிக்கு மேல் வேண்டாம். அதிகம் சுட்டால் லக்கை ட்ராக்கோடு பிடித்திருக்கும் ரிவெட் தளர்ந்து, பிற்பாடு கரகரப்பு அங்கிருந்தே தொடங்கும்.

இன்னும் சின்ன ரெசிஸ்டராகப் போட்டால் இன்னும் லாக் ஆகும் என்று தோன்றும். ஆகாது. மொத்த லோட் 5 கே என்று வையுங்கள், k = 20. 12 மணியில் 21.6 டெசிபல் குறைவு வரும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 4 மணியில் இன்னும் 9.9 டெசிபல் பாக்கி. கடைசி ஒரு மணியில் 10 டெசிபல் ஏற்றம் என்றால், எதைச் சரிசெய்ய வந்தோமோ அதை விட மோசம். இந்த வித்தையில் கிடைக்கும் வளைவு உண்மையில் 'எஸ்' வடிவம். ஆரம்பத்திலும் முடிவிலும் வேகமாக ஏறும், நடுவில் சமமாகப் போகும். ரெசிஸ்டர் சின்னதாக ஆக ஆக இரண்டு முனைகளும் இன்னும் செங்குத்தாகும்.

பேஸ் எங்கே போனது?

ரெசிஸ்டர் போட்டபிறகு வரும் முக்கியமான புகார் இது: சத்தத்தை ஏற்றினால் பேஸ் குறைகிறது. பாட்டுக்கு முன்னால் இருக்கும் ப்ரீஆம்ப் அல்லது டோன் போர்டின் அவுட்புட் கெப்பாசிட்டரைப் பாருங்கள். 100 கே பாட்டை மனதில் வைத்து அங்கே 0.1 மைக்ரோஃபாரட் போட்டிருப்பார்கள். 100 கே-யோடு அது 16 ஹெர்ட்ஸில் வெட்டும், யாருக்கும் தெரியாது. இப்போது சோர்ஸுக்குத் தெரியும் ரெசிஸ்டன்ஸ் நாப்போடு சேர்ந்து மாறுகிறது. அடைத்திருக்கும்போது 100 கே, முழுக்கத் திறந்தால் 100 கே-யும் 15 கே-யும் இணையாகி 13 கே. 13 கே-யோடு 0.1 மைக்ரோஃபாரட் 122 ஹெர்ட்ஸில் வெட்டும். அதனால்தான் மெதுவாகக் கேட்கும்போது பேஸ் சரியாக இருக்கிறது, ஏற்றினால் காணாமல் போகிறது. அந்த கெப்பாசிட்டரை 2.2 மைக்ரோஃபாரட் ஆக்கினால் வெட்டு 5.5 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். எலக்ட்ரோலிட்டிக் போட்டால் டிசி இருக்கும் பக்கத்துக்கு பிளஸ். உண்மையைச் சொன்னால், 22 கே போர்டுக்கு வெறும் 100 கே லாக் பாட் போட்டிருந்தபோதே முழுத் திறப்பில் 18 கே-தான் தெரிந்திருக்கும். பேஸ் அப்போதே கொஞ்சம் போய்க்கொண்டுதான் இருந்தது, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

பாட்டுக்கு முன்னால் ட்ரான்சிஸ்டரோ ஆப்-ஆம்போ இல்லாத பேசிவ் டோன் கன்ட்ரோல் இருந்தால் இந்த ரெசிஸ்டர் வேண்டாம். அந்த டோன் சர்க்யூட்டே பெரிய ரெசிஸ்டன்ஸ் வழியாகத்தான் சிக்னலைத் தருகிறது. மாறிக்கொண்டே இருக்கும் லோடை அதன் தலையில் வைத்தால் வால்யூமைத் திருப்பும்போதெல்லாம் டோனும் கூடவே மாறும். நடுவே ஒரு 4558 ஆப்-ஆம்பை ஃபாலோயராகப் போட்டபிறகு ரெசிஸ்டரைப் பற்றி யோசிக்கலாம். வால்வ் ரேடியோக்களில் டிடெக்டர் டயோடின் லோடாகவே வால்யூம் கன்ட்ரோல் அமைந்திருக்கும். அங்கே வைப்பரில் ரெசிஸ்டர் போட்டால் டிசிக்கு ஒரு லோடும் ஆடியோவுக்கு வேறொரு லோடும் ஆகி, சத்தமான பேச்சு முனை வெட்டப்பட்டுக் கரகரக்கும். அந்த இடத்தில் பழைய மதிப்புள்ள லாக் பாட்டையே தேடி மாட்டுங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே சத்தமா

லீனியர் டபுள் பாட்டில் இரண்டு ட்ராக்கும் லாக்கை விட நன்றாக ஒத்துப்போகும். ஆனால் மொத்த மதிப்பில் 20 சதவீதம் வரை ஏறக்குறைய இருக்கலாம் என்பது இதற்கும் பொருந்தும். வெறும் பாட்டாக இருந்தால் அது பிரச்சினையே இல்லை, பங்குதான் முக்கியம். வெளியிலிருந்து ஒரு நிலையான ரெசிஸ்டரைச் சேர்த்ததும் மொத்த மதிப்பும் கணக்குக்குள் வந்துவிடுகிறது. இது பலருக்குத் தெரிவதில்லை.

ரெசிஸ்டரைச் சால்டர் செய்யும் முன் இரண்டு பக்கத்தின் வெளி லக்குகளையும் அளந்து எழுதிவையுங்கள். 92 கே, 104 கே என்று வந்தால் இரண்டிலும் 47 கே போட்டாலும் 12 மணியில் வித்தியாசம் 0.7 டெசிபலுக்குள் இருக்கும். அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 80 கே, 110 கே என்று வந்தால் வித்தியாசம் 1.7 டெசிபல், பாடகர் குரல் நடுவிலிருந்து நகர்ந்து நிற்பது தெரியும். அப்போது மொத்த லோடை ஒவ்வொரு பக்கத்துக்கும் அதனதன் மதிப்பில் 6.67-இல் ஒரு பங்காக வைக்க வேண்டும். 80-க்கு 12 கே, 110-க்கு 16.5 கே. போர்டின் 22 கே-யைக் கழித்தால் ஒரு பக்கத்துக்கு 27 கே, மறுபக்கத்துக்கு 68 கே ரெசிஸ்டர் வருகிறது. இரண்டும் கடையில் கிடைக்கும் மதிப்பு. கண்ணுக்கு வினோதமாகத்தான் இருக்கும், அடுத்துத் திறப்பவர் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து மாற்றிவிடாமல் பாட் மேல் ஒரு குறிப்பு ஒட்டிவிடலாம்.

கடைசி ஓட்டத்தை அடக்கும் சீரிஸ் ரெசிஸ்டர்

அட்டவணையின் கடைசி நெடுவரிசையிலும் கடைசி மணியில் 5 டெசிபல் இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 12 மணியில் நிலைமை 6 டெசிபல் மேலே வந்துவிட்டதால் கேட்கும் இடம் நடுவுக்கு வந்துவிடுகிறது, கடைசிக்குப் போக வேண்டிய தேவை குறைகிறது. ஆனால் முனை வேகமாக ஏறுவது உண்மை. சோர்ஸில் சிக்னல் மிச்சமிருந்தால் இதையும் அடக்கலாம்.

டிவிடி ப்ளேயர் போன்றவை 2 வோல்ட் வரை கொடுக்கும். நம் போர்டின் கெயின் சுமார் 32 மடங்கு. 4 ஓம் ஸ்பீக்கரில் 14 வாட் தர 7.5 வோல்ட் போதும், அதற்கு இன்புட்டில் 0.23 வோல்ட் போதும். ஆக 2 வோல்ட் சோர்ஸில் பாட் 18.6 டெசிபல் குறைத்திருக்கும் இடத்திலேயே ஐசி கிளிப் ஆகத் தொடங்கிவிடும். நம் திருத்திய பாட்டில் அது 10 மணி. அதற்கு மேல் நாப்பைத் திருப்புவது வீண்.

சோர்ஸுக்கும் பாட்டின் வலது லக்குக்கும் நடுவே இன்னொரு 47 கே-யை சீரிஸில் போடுங்கள். சாதாரண அட்டென்யுவேட்டர் எல்லா இடத்திலும் ஒரே அளவு குறைக்கும், இது அப்படியில்லை. பாட்டின் இன்புட் ரெசிஸ்டன்ஸ் கீழே 100 கே, மேலே 13 கே என்று மாறுவதால், சீரிஸ் ரெசிஸ்டர் கீழே கொஞ்சமாகவும் மேலே நிறையவும் குறைக்கும். 12 மணியில் மொத்தம் 19.5, 2 மணியில் 17.2, 4 மணியில் 14.7, முழுக்கத் திறந்தால் 13.3 டெசிபல் குறைவு. கடைசி மணியின் ஏற்றம் 5-லிருந்து 1.4 டெசிபலாகச் சுருங்கிவிட்டது. கிளிப் ஆகும் இடமும் 10 மணியிலிருந்து 12-ஐத் தாண்டிப் போய்விட்டது. கூடுதல் லாபமாக, சோர்ஸுக்குத் தெரியும் ரெசிஸ்டன்ஸ் எப்போதும் 60 கே-க்குக் கீழே போகாது, பேஸ் வெட்டும் கவலையும் பாதி தீர்ந்தது. போன் மாதிரி சிக்னல் குறைவாகத் தரும் சோர்ஸில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், முழுக்கத் திறந்தும் சத்தம் போதாது.

வேலை முடிந்ததும் மீட்டரில் சரிபார்ப்பது

சீரிஸ் 47 கே போடாத நிலையில் இதைச் செய்யுங்கள். டம்மி லோடு, 400 ஹெர்ட்ஸ் டோன் முன்போலவே. நாப்பை முழுக்கத் திறந்து, போனின் சத்தத்தைச் சரிசெய்து டம்மி லோடில் 4 வோல்ட் வையுங்கள். பிறகு போனைத் தொடாமல் நாப்பை மட்டும் 12 மணிக்குக் கொண்டுவாருங்கள். 0.75 வோல்ட் வர வேண்டும். 2 மணியில் 1.17, 4 மணியில் 2.25. நாப்பைக் கண்ணளவில் வைப்பதாலும் பாட்டின் மதிப்பு ஏறக்குறைய இருப்பதாலும் பத்துப் பதினைந்து சதவீதம் முன்பின் இருக்கலாம், அது கணக்கில் இல்லை.

12 மணியில் 0.94 காட்டினால் 47 கே இணைப்பில் இல்லை, டிரை சால்டரைத் தேடுங்கள். 0.32 பக்கம் இறங்கிக் கிடந்தால் லீனியர் என்று வாங்கியது லாக் பாட். 1.5 வோல்ட் வந்தால் ரெசிஸ்டரை நடு லக்குக்கும் வலது லக்குக்கும் இடையில் போட்டுவிட்டீர்கள், ஒரு காலைக் கழற்றி இடது லக்குக்கு மாற்றினால் போதும். 12 மணியில் 1.2 வோல்ட் பக்கம் வந்து, 7 மணியில்கூடப் பூஜ்யத்துக்கு வராமல் 0.7 வோல்ட் பக்கத்தில் நின்றால் இடது லக்கின் கிரவுண்ட் வயர் விட்டிருக்கிறது.